கோப்பைக் கலோரிமானி: விடை ஏன் 58-ஐத் தாண்டியது?

நடுநிலையாக்கல் என்தால்பியை, அதாவது அமிலமும் காரமும் வினைபுரிந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளியேறும் வெப்பத்தை, தெர்மாகோல் கோப்பையில் அளந்தால் விடை குறைவாகத்தான் வரும், ஏனென்றால் வெப்பம் வெளியே போய்விடும். எல்லோரும் சொல்வது இதுதான். எனக்கு வந்தது மோலுக்கு 58.3 கிலோஜூல். புத்தகத்தில் இருப்பது 57.3. வெப்பத்தை இழக்கும் ஒரு கோப்பை, இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்றால் எங்கோ ஒரு திருத்தம் அளவு மீறிப் போயிருக்கிறது. அது எங்கே என்று பிடித்துவிட்டேன், அதனால்தான் இந்தப் பதிவு.

ஏற்பாடு வழக்கமானதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தெர்மாகோல் கோப்பைகள், ஆடாமல் நிற்க வெளியே ஒரு பீக்கர், வெப்பமானி நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்ட மூடி. உள்ளே பிப்பெட்டில் எடுத்த 50 மில்லி 1.00 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் ஊற்றுவது 50 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு, செறிவு 1.05 மோலார். காரத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொண்டே இருக்கும், அதன் செறிவை நம்பி மோல் கணக்குப் போட முடியாது. அமிலத்தை நீரற்ற சோடியம் கார்பனேட்டால் தரம்பார்த்து வைத்துக்கொண்டால் வினைபுரியும் மோல் எண்ணிக்கையை அமிலமே தீர்மானிக்கும்: 0.050. பீக்கரிலிருந்து காரத்தை ஊற்றும்போது சுவரில் ஒட்டிக்கொள்ளும் துளிகளாலும் கெடுதல் இல்லை. கடைசியில் ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பு நின்றால் அமிலம் முழுவதும் தீர்ந்தது. காரத்தை முதல் நாளே கரைத்து வைத்துவிடுவது நல்லது, கரையும்போதே அது சூடாகிவிடும். கண்ணாடி அணியாமல் இந்தக் காரத்தைத் தொடவே வேண்டாம்.

வெப்பநிலையைப் படிக்கும் விதத்தில் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். கலந்தவுடன் ஏறும் உச்ச அளவைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுவது வழக்கம். ஆனால் வெப்பமானி உச்சத்தைப் பிடிப்பதற்குள் கோப்பை குளிரத் தொடங்கியிருக்கும். அதனால் முதல் நான்கு நிமிடம் இரண்டு கரைசல்களின் வெப்பநிலையையும் குறித்தேன், இரண்டும் 28.0 °C-இல் அசையாமல் நின்றன, அறையும் அதே 28தான். நான்காவது நிமிடத்தில் கலந்தேன், அந்த நிமிடத்துக்கு அளவு எடுக்கவில்லை. ஐந்திலும் ஆறிலும் 34.6. ஏழில் 34.5, எட்டில் 34.4, பத்தில் 34.3, பன்னிரண்டில் 34.1. கருவி 0.1 வரைதான் காட்டும், ஆனாலும் ஆறாவது நிமிடத்துக்குப் பின் புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன, நிமிடத்துக்குச் சுமார் 0.08 இறக்கம். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நான்காவது நிமிடம் வரை நீட்டினால் 34.75 கிடைக்கிறது. ஆக, வெப்பநிலை உயர்வு 6.75. உச்சத்தை மட்டும் நம்பியிருந்தால் 6.6. வித்தியாசம் 0.15 என்றால் சின்னதாகத் தோன்றும், ஆனால் விடையில் அது ஒரு கிலோஜூலுக்கும் மேல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டை நீட்டுவது காற்றுக்கு மெல்ல மெல்லப் போகும் வெப்பத்தை மட்டும்தான் திருப்பித் தரும். கலந்த சில விநாடிகளிலேயே கோப்பையின் உட்சுவரும் வெப்பமானியும் எடுத்துக்கொண்ட வெப்பம் அந்தக் கோட்டில் தெரியாது, ஏனென்றால் அது கோடு தொடங்குவதற்கு முன்பே போய்விட்டது. அதற்குத்தான் கலோரிமானியின் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு டிகிரி சூடாக அது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை, தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. நான் மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: கோப்பையில் குளிர்ந்த நீர், வேறு பாத்திரத்தில் சுடுநீர், சுடுநீரைக் கோப்பையில் ஊற்று, முடிவு வெப்பநிலையைப் பார். 50 கிராம் நீர் 28.0-இல் கோப்பையில் இருந்தது, 50 கிராம் சுடுநீர் 44.0-இல் பீக்கரில். கோப்பை எதையும் எடுக்காவிட்டால் 36.0-இல் நிற்க வேண்டும். கோட்டை நீட்டிப் பார்த்தால் 35.6. சுடுநீர் இழந்தது 50 × 4.18 × 8.4 = 1756 ஜூல், குளிர்நீர் பெற்றது 50 × 4.18 × 7.6 = 1588 ஜூல். மீதி 168 ஜூலைக் கோப்பை எடுத்தது என்று கொண்டு 7.6-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 22 ஜூல்.

இந்த 22-ஐ எடுத்துக் கணக்கில் போட்டதும்தான் விடை 58.3 ஆனது. முதலில் கரைசலின் செறிவைச் சந்தேகித்தேன், அது சரியாகவே இருந்தது. அப்புறம் கோப்பையை எடைபோட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்த்தே சில கிராம்தான், பாலிஸ்டைரீனின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 1.3 ஜூல் அளவுதான், அதிலும் வெளிக்கோப்பை அந்த நேரத்துக்குள் சூடாகவே சூடாகாது. உலோகத் தண்டுள்ள வெப்பமானியைச் சேர்த்தாலும் 22 வரச் சாத்தியமே இல்லை. அப்படியானால் அந்த 168 ஜூலில் ஒரு பகுதி கோப்பைக்குள் போகவே இல்லை!

போனது காற்றுக்கு. சுடுநீரை ஊற்றும்போது அது மெல்லிய தாரையாக விழுகிறது, பரப்பு அதிகம், ஆவியாதலும் அதிகம். பீக்கரில் 44.0 என்று படித்த நீர் கோப்பைக்குள் விழும்போது 44.0 இல்லை. 0.4 டிகிரி போயிருந்தாலே போதும், கணக்கில் பார்த்தால் 10 ஜூலாக இருக்க வேண்டிய கோப்பை 22 என்று காட்டிவிடும். நடுநிலையாக்கலில் நாம் ஊற்றுவது அறை வெப்பநிலையில் இருக்கும் காரத்தை, அங்கே இந்த இழப்பு கிடையாது. அதாவது உண்மையான சோதனையில் நடக்காத ஓர் இழப்பை அளந்து எடுத்துவந்து அதில் சேர்த்திருக்கிறோம். திருத்தம் அளவு மீறியது இப்படித்தான்.

தீர்வு எளிது, திருப்பிச் செய்ய வேண்டும். சுடுநீர் கோப்பைக்குள், ஊற்றுவது அறை வெப்பநிலை நீர். சுடுநீரை முன்பே கோப்பையில் விட்டு மூடி, அது குளிரும் கோட்டைச் சில நிமிடம் எடுத்து, கலக்கும் நொடிக்கு முன்னோக்கி நீட்ட வேண்டும். எனக்கு அது 40.6 வந்தது. 28.0-இல் இருந்த 50 கிராம் நீரை ஊற்றிய பிறகு கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 34.45. இப்போது கோப்பையும் சுடுநீரின் பக்கத்தில் இருப்பதால் சராசரியான 34.3-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அப்படித்தான் நிற்க வேண்டும். குளிர்நீர் பெற்றது 1348 ஜூல், சுடுநீர் கொடுத்தது 1285, மிச்சம் 63 கோப்பை கொடுத்தது. 6.15-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 10 ஜூல். இது நம்பக்கூடிய எண். ஆனால் 34.45 என்பதில் 0.05 பிசகினால் இந்த 10 என்பது 7 ஆகவோ 14 ஆகவோ மாறும், அதனால் ஒருமுறை அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது, பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். நீரை அளவு ஜாடியில் எடுக்காமல் எடைபோடுவதும் முக்கியம், சுடுநீர் 50 மில்லி என்பது 50 கிராம் இல்லை.

சரி, இப்போது முழுக் கணக்கு. கலந்த பின் கோப்பையில் இருப்பது நீர் அல்ல, சுமார் 0.5 மோலார் உப்புக் கரைசல். அதன் அடர்த்தி மில்லிக்கு 1.02 கிராம் அளவு, தன்வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 4.02 ஜூல் சுமார். பெருக்கினால் 100 மில்லிக்கு டிகிரிக்கு 410 ஜூல். கோப்பையின் 10 சேர்த்தால் 420. 420 × 6.75 = 2835 ஜூல், 0.050 மோலுக்கு. மோலுக்கு 56.7 கிலோஜூல் வெளியேறுகிறது, குறி எதிர்மம்.

இதையே பள்ளிக்கூடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அடர்த்தி 1, தன்வெப்பம் 4.18, கோப்பை எதையும் எடுக்காது. 418 × 6.75, மோலுக்கு 56.4. கிட்டத்தட்ட அதே விடை! உப்புக் கரைசலை நீர் என்று எடுத்துக்கொண்டதால் 8 ஜூல் கூடியது, கோப்பையை மறந்ததால் 10 ஜூல் குறைந்தது, ஒன்றை ஒன்று அடித்துவிட்டன. அந்த எளிய அனுமானங்கள் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். இரண்டில் ஒன்றை மட்டும் திருத்தினால் விடை முன்பைவிட மோசமாகும், திருத்துவதானால் இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள். கனமான கண்ணாடிக் கோப்பையிலோ உலோகக் கலோரிமானியிலோ இந்த ஈடு நடக்காது, அங்கே கோப்பையின் பங்கு பல மடங்கு.

57.3-ஐயும் அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 18 முதல் 20 °C-ஐ ஒட்டிய பழைய அளவீடு. 25 °C-இல், மிக நீர்த்த கரைசலுக்கு, 55.8தான். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அளவு சுமார் 0.2 கிலோஜூல் குறையும். ஆனால் 1 மோலார் செறிவில் அமிலம் நீர்க்கும்போதும் கொஞ்சம் வெப்பம் வரும், அது நம் எண்ணை மேலே தள்ளும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் 56.7-ஐ எந்தப் புத்தக எண்ணோடும் தசமம் வரை ஒப்பிட்டுப் பயனில்லை. என் கருவிக்கு முன்பின் 1 கிலோஜூல் பிழை வைத்துக்கொள்கிறேன், அதில் பாதி வெப்பமானியின் 0.1-இல் இருந்து வருகிறது. 0.01 டிகிரி வரை காட்டும் வெப்பநிலை ஆய்வுகோல் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வேகமாக நிலைக்கிறது என்பதைத்தான். தடித்த உறைக்குள் இருக்கும் ஆய்வுகோல் எத்தனை இலக்கம் காட்டினாலும் கோட்டின் தொடக்கத்தைத் தின்றுவிடும்.

செறிவின் பங்கைப் பிரிக்க 0.5 மோலாரில் தொடங்கியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. உயர்வு பாதியாகிவிடுவதால் அதே 0.05 பிழை இரண்டு மடங்காக உறுத்துகிறது. அதற்கு ஒரு வழி பார்க்கிறேன்: இரண்டு கரைசல்களையும் அறையைவிட ஒன்றரை டிகிரி குளிர்வித்துத் தொடங்கினால், முதலில் உள்ளே வரும் வெப்பமும் பிறகு வெளியே போவதும் ஏறக்குறைய சமமாகும், கோடு கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும், நீட்டுவதில் வரும் பிழை குறையும். அது நிலைப்பட்டதும் சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் அம்மோனியா. 25 °C-இல் அதற்கு 52.2 கிலோஜூல், வலிமையான காரத்தைவிட மூன்றரை குறைவு, என் பிழைக்குள் அடங்காமல் தெளிவாகத் தெரிய வேண்டும். அம்மோனியா ஊற்றும்போதே ஆவியாகும் என்பதால் அங்கே அதைக் கோப்பைக்குள் வைத்து, அமிலத்தைத்தான் மேலிருந்து ஊற்றப் போகிறேன், அமிலத்தையே குறைவாகவும் வைப்பேன். அப்போது பீக்கரில் ஒட்டும் துளிகள் கணக்கைக் கெடுக்கும், அதனால் பீக்கருக்குப் பதில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, முன்னும் பின்னும் எடைபோட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.