திரும்பக் கிடைத்த கோப்புகளில் எது சரியானது?

வாடிக்கையாளர் ஒருவருக்காக 148 பக்கக் கையேடு ஒன்றைப் பக்க வடிவமைப்புச் செய்துகொண்டிருந்தபோது, ஐந்தாம் மெய்ப்பு அனுப்பிய ஐந்தாவது நாள், என் மடிக்கணினி இயங்க மறுத்தது. பழுதானது மதர்போர்டு, எஸ்எஸ்டி நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். பொருத்தியதும், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் திரை கேட்டது. அந்தக் குறியீட்டை நான் பிடிஎஃப்பாக அச்சிட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆனால் வைத்திருந்தது அதே வட்டில்தான். பூட்டிய பெட்டிக்குள் சாவி என்பதை அன்று நேரில் கண்டேன்.

இருந்தும் அன்று எனக்குப் பெரிய கலக்கம் ஏற்படவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளி வன்தட்டில் எடுத்த நகல் கையில் இருந்தது. ஐந்தாம் மெய்ப்பின் மூலக் கோப்பும் அதில் இருந்தாக வேண்டும். இரவல் வாங்கிய கணினியில் வன்தட்டைச் செருகிக் கோப்புறையைத் திறந்தபோது இரண்டு கோப்புகள் தெரிந்தன: `kaiyedu_final.indd`, `kaiyedu_final_new.indd`. எது புதியது என்று உறுதியாக நினைவில்லாததால், திருத்தப்பட்ட தேதியின்படி வரிசைப்படுத்தி, மேலே வந்ததை எடுத்துக்கொண்டேன். மேலே வந்தது `kaiyedu_final.indd`.

உண்மையில் அது நான்காம் மெய்ப்பின் கோப்பு. அந்த ஞாயிறு காலையில் ஏதோ ஒரு தலைப்பின் எழுத்தளவைப் பார்ப்பதற்காக அதைத் திறந்திருந்தேன். மூடும்போது ‘சேமிக்கவா’ என்று மென்பொருள் கேட்டதற்கு வழக்கம்போல் ஆம் என்று அழுத்தியிருக்கிறேன். அந்த ஓர் அழுத்தத்தால் பழைய கோப்புக்குப் புதிய தேதி வந்துவிட்டது. திருத்தப்பட்ட தேதி என்பது கடைசியாகச் சேமித்த நேரத்தை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் வேலை எவ்வளவு புதியது என்பதைச் சொல்லாது. மின்னஞ்சலிலிருந்து பதிவிறக்கும் கோப்பும் பெரும்பாலும் பதிவிறக்கிய நாளையே தன் தேதியாகக் காட்டும்.

அடுத்து வாடிக்கையாளரிடமிருந்து வந்தவை நான்கே திருத்தங்கள். அவற்றைச் செய்து ஆறாம் மெய்ப்பாக அனுப்பினேன். அவர்கள் அந்த நான்கு இடங்களை மட்டும் சரிபார்த்து ஒப்புதல் தந்தார்கள். கையேடு அச்சாகி வந்தபின், 62ஆம் பக்க அட்டவணையில் பழைய எண்கள் இருப்பதாகவும், அவற்றை முந்தைய சுற்றிலேயே திருத்தச் சொன்னதாகவும் கடிதம் வந்தது. இறுதி மெய்ப்புக்கு நீங்கள்தானே ஒப்புதல் தந்தீர்கள் என்று சற்று விறைப்பாகவே பதில் எழுதினேன். இரு தரப்பும் சொன்னது உண்மைதான். அதனால்தான் சச்சரவு மூன்று நாள் இழுத்தது. கடைசியில் அனுப்பிய அஞ்சல்களில் இருந்த ஐந்தாம் மெய்ப்பின் பிடிஎஃப்பையும் அச்சுக்குப் போன பிடிஎஃப்பையும் பக்கம் பக்கமாக அருகருகே வைத்துப் பார்த்தேன். அட்டவணையில் நான் ஏற்கெனவே செய்து முடித்திருந்த பதினொரு திருத்தங்கள் ஆறாம் மெய்ப்பில் காணாமல் போயிருந்தன. தவறு என்னுடையது. மறு அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டேன்.

காப்பு நகல் கோப்புகளைத் திருப்பித் தந்தது. எந்தக் கோப்பு என்பதைச் சொல்ல அதனால் முடியவில்லை. அதன் பிறகு ‘final’ என்ற சொல்லையே கோப்புப் பெயரில் நான் பயன்படுத்துவதில்லை. இப்போது ஒரு கோப்பின் பெயர் இப்படி இருக்கும்:

```
kaiyedu_v05_2023-08-12.indd
kaiyedu_v05_2023-08-12.pdf
```

பதிப்பு எண், வேலை என் கையை விட்டு வெளியே போனபின்தான் கூடும். நான் மட்டும் பார்க்கும் மாற்றங்களுக்கெல்லாம் புதிய எண் கொடுத்தால், வாடிக்கையாளரின் கையில் மூன்றும் ஏழும் பன்னிரண்டும் இருக்க, இடைப்பட்டவை எங்கே என்ற கேள்வி எழும். மூலக் கோப்புக்கும் அதிலிருந்து உருவான பிடிஎஃப்புக்கும் பெயர் ஒன்றே. எண்ணை இரண்டு இலக்கத்தில் எழுதக் காரணம், சில இடங்களில் v10 என்பது v2-க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். தேதியில் சாய்கோடு போட விண்டோஸ் விடாது. ஆண்டு, மாதம், நாள் என்று சிறுகோட்டுடன் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடுகிறது.

அனுப்பியவுடன் அந்த இரண்டையும், இணைத்த படங்கள், எழுத்துருக்களுடன் ‘அனுப்பியவை’ என்ற கோப்புறையில் வைத்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுகிறேன். அடுத்த திருத்தத்தின் முதல் வேலையே v06 என்ற பெயரில் சேமிப்பதுதான். ஞாயிறு காலை செய்தது போல அசட்டையாக ஆம் என்று அழுத்தினாலும், பூட்டிய கோப்பு அதே பெயரில் சேமிக்க இடம் தராது.

நகல் எடுப்பதிலும் ஒரு பழக்கத்தை மாற்றினேன். மேகக் கோப்புறையில் ஒத்திசைவு நடப்பதையே காப்பு நகல் என்று பலர் எண்ணுகிறார்கள்; கணினியில் தவறி அழித்தால் அங்கும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். ஆறு மாதம் கழித்து எழும் சச்சரவுக்கு அது உதவாது. ஆகவே ஒத்திசைவு நடந்துகொண்டிருக்க, இரண்டு வெளி வன்தட்டுகளிலும் மாறி மாறி நகல் எடுக்கிறேன். நகல் முடிந்ததும் கழற்றி, ஒன்றை வேறு இடத்தில் வைக்கிறேன். கட்டளை இவ்வளவுதான்:

```
robocopy D:\velai E:\velai /E
```

இதில் `/E` என்பதற்குப் பதிலாக `/MIR` என்று எழுதினால், மூலத்தில் இல்லாதவற்றை நகலிலிருந்தும் நீக்கிவிடும். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு வேலையை வன்தட்டிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பார்க்கிறேன். முதல் சோதனையிலேயே, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பாதிப் பக்கங்கள் இளஞ்சிவப்பில் தெரிந்தன: எழுத்துரு நகலில் இல்லை என்று பொருள். மீட்புக் குறியீடு இப்போது தாளில் இருக்கிறது.

அனுப்பும் அஞ்சலிலும் ஒரு வரி சேர்ந்தது: “இணைப்பில் இருப்பது v05, 148 பக்கங்கள், ஒப்புதல் தரும்போது இந்த எண்ணைக் குறிப்பிட வேண்டுகிறேன்.” மாற்றிய பக்கங்களின் பட்டியலையும் கீழே தருகிறேன். இறுதிச் சுற்றில் `certutil -hashfile kaiyedu_v05_2023-08-12.pdf SHA256` போன்ற கட்டளையால் பிடிஎஃப்பின் உள்ளடக்கத்திலிருந்து அதன் SHA256 எண்ணைக் கணக்கிட்டு அதே அஞ்சலில் எழுதிவிடுவேன். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். இரண்டு கோப்புகள் ஒன்றேதானா என்பதற்கு அது சான்று. எப்போது உருவாயிற்று என்பதற்கு அன்று. நேரத்துக்கு அஞ்சல்தான் சாட்சி.

சென்ற ஆண்டு வேறொரு வாடிக்கையாளர், தாம் ஒப்புக்கொள்ளாத அட்டை அச்சாகிவிட்டது என்றார். அச்சகத்திடம் கோப்பைக் கேட்டு வாங்கி எண்ணைக் கணக்கிட்டேன். என் v04-இன் எண்ணோடு பொருந்தியது. அவர் ஒப்புதல் தந்தது v05-க்கு. அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பியது அவருடைய அலுவலகம். பழைய அஞ்சலிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அட்டையின் நிறத்தைத் தொலைபேசியில் மாற்றச் சொன்னதாக அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் எந்தக் கோப்பும் இல்லை. இப்போதெல்லாம் தொலைபேசியை வைத்ததும், பேசியதை இரண்டு வரியில் அஞ்சலாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் கோப்பைத் திறக்கிறேன்.