இரவில் பி நெகட்டிவ் தேடியது

நவம்பர் 12, 2024, செவ்வாய், இரவு

திண்டுக்கல். தங்கச்சிக்குச் சாயங்காலம் சிசேரியன், ஆண் குழந்தை. ரத்தம் அதிகமாகப் போய்விட்டது. இப்போது நின்றுவிட்டது என்றாலும் ஹீமோகுளோபின் 6.4. "காலைக்குள்ள ரெண்டு யூனிட் பேக்டு செல் ஏத்தணும்" என்றார் டாக்டர். பேக்டு செல் என்றால் சிவப்பணுக்களை மட்டும் பிரித்தெடுத்த ரத்தம். அவள் பி நெகட்டிவ். வீட்டில் வேறு யாருக்கும் அந்த வகை இல்லை.

முதலில் ரத்த வங்கிகளின் இருப்பைக் காட்டும் அரசின் e-RaktKosh தளத்தைத் திறந்து மாவட்டம், ரத்த வகை, வேண்டிய கூறு மூன்றையும் கொடுத்துத் தேடினேன். எத்தனை யூனிட் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கடைசியாக எப்போது பதிந்தார்கள் என்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். முந்தாநாள் பதிந்த எண்ணை இன்றைக்கு நம்பிப் புறப்பட முடியாது. எங்கள் ஊரில் பி நெகட்டிவ் இல்லை. மதுரையில் ஓரிடத்தில் இருப்பதாகக் காட்டியது, அதுவும் இன்று சாயங்காலம் பதிந்தது.

இணைய வரைபடத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தார். "24 மணி நேரமும் உண்டு சார்" என்றார். ஆஸ்பத்திரிக்கு அது சரி. ரத்த வங்கியில் இப்போது ஆள் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அங்கேயே இணைக்கச் சொன்னேன். டெக்னீஷியன் அம்மா ஒருவர் பேசினார்.

விலாசத்தை நான் சொல்லி அவரை ஆமாம் போட வைக்கவில்லை. இரவு வேலையில் களைத்திருப்பவர் எதற்கும் "ஆமா சார்" என்றுவிடுவார். "கோரிப்பாளையம் சிக்னல்ல இருந்து எப்படி வரணும், எதிர்ல என்ன இருக்கு, ராத்திரி எந்த கேட் திறந்திருக்கும், நீங்களே சொல்லுங்க மேடம்" என்றேன். அவர் சொன்ன தெரு வரைபடத்தில் இருந்த தெரு இல்லை. வங்கியைப் பக்கத்துத் தெருக் கட்டிடத்துக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகிறதாம். முன்வாசலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், பின்பக்கம் ஆம்புலன்ஸ் வாசல்தான் வழி. எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் திருத்தினார்.

பிறகு கேட்டது: பேக்டு செல்லா, முழு ரத்தமா? பையில் என்ன காலாவதித் தேதி? வேறு யாருக்காவது எடுத்து வைத்திருக்கிறார்களா? ஒரு யூனிட் நாளைய அறுவை ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தது. மீதி இரண்டை எங்களுக்காக வைப்பதாகச் சொல்லி, தன் பெயரையும் நேரடி எண்ணையும் கொடுத்தார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்: டாக்டர் கையெழுத்திட்ட கோரிக்கைப் படிவம், ஊதா மூடிக் குழாயில் நோயாளியின் ரத்த மாதிரி, இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஐ.பி. எண். இதில் ஓரெழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், சரியான கண்டிப்பு. குழாயில் ஒட்டியிருந்ததைக் கட்டிலருகே நின்று நர்ஸோடு சரிபார்த்தபின் கிளம்பினோம்.

நவம்பர் 13, புதன், விடியற்காலை

மாப்பிள்ளை வண்டியை ஓட்டினார், நான் வழி சொன்னேன். அலைச்சலே இல்லை. அவள் ரத்தத்தோடு பையில் இருப்பது ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் முடிய ஒரு மணி நேரம் போல ஆயிற்று. பைகளைக் குளிர்பெட்டியில் வைத்துத் தந்தார்கள். ஐஸ் கட்டி பையில் நேரடியாகப் படக்கூடாது, உறைந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ஏற்றுவதற்குச் சற்று முன்தான் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், ஏற்றத் தொடங்கினால் நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டோல்கேட் தாண்டியதும் நர்ஸுக்குப் போன் செய்து, ஊசிவழியைத் தயாராக வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 13, புதன், இரவு

இரண்டும் ஏறிவிட்டது, முகத்தில் நிறம் வந்திருக்கிறது. குழந்தை பி பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்தது. அதனால் அவளுக்கு ஆன்டி-டி ஊசி, 300 மைக்ரோகிராம், பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள். போடாவிட்டால் அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அவள் உடம்பே தாக்கக்கூடும். நர்சிங் ஹோம் மருந்தகத்தில் தீர்ந்திருந்தது.

நேரம் இருக்கிறதுதான், ஆனால் இது எல்லாக் கடையிலும் வைக்கிற மருந்து இல்லை. எங்கே இருக்கிறது என்பதை இன்றிரவே தெரிந்துகொள்ள நினைத்தேன். முதலில் அடித்த இரவுக் கடையில் "இருக்கு" என்றார்கள். "ஃபிரிட்ஜைத் திறந்து பெட்டியக் கையில எடுத்து, எத்தனை மைக்ரோகிராம், எக்ஸ்பைரி என்னன்னு வாசிங்க அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தவர், கம்ப்யூட்டரில்தான் காட்டுகிறது, ஃபிரிட்ஜில் இல்லை என்றார். பேருந்து நிலையப் பக்கம் இன்னொரு கடைக்காரர் பெட்டியை எடுத்து வாசித்தார். அதே பெயரில் ஊருக்குள் இன்னும் கடைகள் உண்டு. அதனால் அவர் கடை பில்லில் அச்சிட்டிருக்கும் விலாசத்தைப் படிக்கச் சொன்னேன், பக்கத்துக் கடையின் பெயரையும் கேட்டுக்கொண்டேன். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து, ஐஸ் பேக் தருவதாகச் சொன்னார். சீட்டு அவசியம் வேண்டுமாம்.

நவம்பர் 14, வியாழன்

ராத்திரியே வாங்கி வார்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் டாக்டர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போட்டார். பேட்ச் எண்ணைத் தங்கச்சியின் கார்டில் எழுதச் சொன்னேன், நர்ஸ் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.