மூன்றாவது முறை ஒட்டிய எல்போ: 2 கிலோ அழுத்தத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை

பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டிப் படுகையில் உள்ள எங்கள் வாழைக்கொல்லைக்குப் போகும் 63 மி.மீ. பிவிசி பைப்பில், மோட்டார் கொட்டகையை அடுத்துத் திரும்பும் எல்போ இரண்டு முறை ஒழுகி, மூன்றாவது முறைதான் நின்றது. கேட் வால்வு திறந்திருக்கும்போது அந்த இணைப்பில் ஈரமே தெரியாது. வால்வை மூடி அழுத்தமானியில் முள் 2 கிலோவைத் தொட்டதும் பேஸ்ட் வளையத்தின் அடியிலிருந்து நூல்போல் நீர் பீய்ச்சும்.

முதல் முறை ஒட்டியது ஐப்பசி மழைக்கு நடுவே. ஒன்றரை அடிப் பள்ளத்தில் பைப்பை அறுத்துத் துணியால் துடைத்து, பேஸ்ட் தடவி எல்போவைச் செருகி, ஒரு மணி நேரம் கழித்து மோட்டாரைப் போட்டேன். ஒழுகியபின் அந்த எல்போவை அறுத்தெடுத்து ஹேக்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. மேற்பாதியில் பைப்பும் எல்போவும் ஒரே பிளாஸ்டிக்காகிவிட்டிருந்தன. பிரிக்க முயன்றால் பிய்ந்துதான் வந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, பைப்பின் பளபளப்பு மாறாமல், அச்சிட்ட எழுத்துகூட அழியாமல், வாயிலிருந்து உள்முனை வரை ஓடியிருந்தது. நம் நிலம் சமதளம் என்பதால் பூமிக்கடியில் கிடக்கும் பைப்பில் நின்ற நீர் மணிக்கணக்கில் கசிந்துகொண்டேயிருக்கும். நான் துடைத்த இடத்தை அது மறுபடியும் நனைத்திருக்கிறது. இந்தப் பேஸ்ட் பசை அல்ல. அதிலுள்ள கரைப்பான் இரண்டு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதுதான் இணைப்பு. ஆகவே நீர்ப்படலம் இருக்கும் இடத்தில் இளகுவதே நடக்காது.

இரண்டாம் முறை ஈரத்தைத் தடுத்துவிட்டேன்; ஓரிரவு காயவும் விட்டேன்; ஆனாலும் ஒழுகியது. இம்முறை குற்றம் எல்போவில் இருந்தது. பேஸ்ட் இல்லாமல் செருகிப் பார்க்கும்போது பைப், எல்போவின் வாயான சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுகி நிற்க வேண்டும். அது தானாகவே அடிவரை இறங்கியதைப் பார்த்தும் பேஸ்ட் அடைத்துக்கொள்ளும் என்று நம்பியது என் தவறு. தளர்வான இடைவெளியில் பேஸ்ட் தடிமனாகத் தங்குகிறது. மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பல நாள் இளகியே இருக்கிறது.

இங்கே பிடிப்பதற்கும் முழுமையாகக் காய்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அரை நிமிடத்தில் கையை எடுக்கலாம் என்பது பிடிப்பு மட்டுமே. ஒன்றரை, இரண்டு அங்குல பைப்புக்கு, நம் ஊர் வெப்பத்தில், குறைந்த அழுத்தத்துக்கு அரை மணி, உயர்ந்த அழுத்தத்துக்குப் பன்னிரண்டு மணி என்பது பொதுவான அட்டவணை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு உலர்ந்த, இறுக்கமான இணைப்புக்கானது. வால்வு மூடியிருக்கையில் 63 மி.மீ. வாயின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர செ.மீ. என்பதால், சதுர செ.மீ.க்கு 2 கிலோ என்ற அழுத்தம் ஒவ்வொரு பைப்பையும் எல்போவிலிருந்து 62 கிலோ விசையுடன் வெளியே தள்ளுகிறது. பாதி காய்ந்த பேஸ்ட் அந்தத் தள்ளலில் நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வாய்க்காலைத் திறந்துவிடுகிறது.

மூன்றாம் முறை இறுக்கமான எல்போவைத் தேர்ந்தெடுத்து, இருபுறமும் இரண்டடித் துண்டுகளைத் திண்ணையிலேயே ஒட்டினேன். பைப் முனையை நேராக அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துச் சாய்வாக்கி, சாக்கெட்டில் மெல்லியதாகவும் பைப்பில் தாராளமாகவும் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை அழுத்தி, முப்பது எண்ணும்வரை விடாமல் பிடித்தேன். சாக்கெட் உள்ளே குறுகிச் செல்வதால், முன்னதாகக் கையை எடுத்தால் பைப் பின்னுக்கு நழுவும். பள்ளத்தில் இரண்டு கப்லர் இணைப்புகள் மட்டுமே மிஞ்சின. அவற்றுக்காக இருபுறமும் பத்தடி மண்ணைத் தோண்டி, பைப் முனைகளை அரையடி தூக்கிக் கட்டையில் நிறுத்தியதும் நீர் பின்வாங்கிவிட்டது. தார்ப்பாய் போர்த்தி 36 மணி நேரம் விட்டபின், வால்வைத் திறந்துவைத்து நீரை மெல்ல நிரப்பிக் காற்றை வெளியேற்றி, பிறகே வால்வைச் சிறிது சிறிதாக மூடினேன். இணைப்புகளில் சுற்றிய செய்தித்தாள் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மொடமொடவென்று இருந்தது.

பேஸ்ட் வாங்கும்போது டப்பாவை ஆட்டிப் பாருங்கள். கடை வாசல் வெயிலில் கிடந்து ஜெல்லியாகத் திரண்டதை நான் இரண்டு முறை வாங்கி வந்திருக்கிறேன்; அதைத் தின்னர் ஊற்றி இளக்கினாலும் பயனில்லை, எறியத்தான் வேண்டும். இப்போது 100 மி.லி. டப்பாவே வாங்குகிறேன். வாழைக்குச் சொட்டுநீர்க் குழாய் போடும் எண்ணம் இருக்கிறது. அதற்கான துணைக் குழாயின் அளவைக்கூடக் குறித்துவிட்டேன். ஆனால் தோண்டிய பள்ளம் இன்னும் மூடப்படவில்லை, கொல்லைக் கோடியிலுள்ள டீ இணைப்பையும் இதே முறையில் மாற்ற வேண்டும்.