வகுப்பு மிஸ்ஸுக்கு எழுதிய கடிதம்: நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு விடுப்பும் சாப்பாடும்

என் மகன் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படித்தபோது எழுதிய கடிதம் இது. ஐந்து வயதில் அவனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு முகம், கால், வயிறு எல்லாம் வீங்கும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அடங்கிவிடும். ஆனால் சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் பலருக்கு மறுபடி தலைதூக்கும். என் மகனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான்.

ஒன்றாம் வகுப்பில் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியிருந்தேன். மிஸ் நன்றாகவே கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் விடுப்பில் போன நாளில் வேறு டீச்சர் வந்தார், விளையாட்டு சாருக்கு விஷயம் தெரியாது, சத்துணவு அமைப்பாளருக்கும் தெரியாது. ஒருநாள் அவனை அடிக்கடி பாத்ரூம் போகிறான் என்று நிற்கவைத்திருக்கிறார்கள். வீக்கம் வற்ற ஃபுரோசமைடு என்ற மாத்திரை கொடுத்திருந்த வாரம் அது. சிறுநீர் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்தால், விடுப்புக் கடிதத்தில் போட வேண்டிய தேதி என்னிடம் இல்லை. மறுபடி வருகிறதா என்பது காலையில் சிறுநீரைச் சோதிக்கும்போதுதான் தெரியும். டெஸ்ட் டியூபில் கொஞ்சம் சிறுநீர் எடுத்து, மருத்துவமனையில் கொடுத்த சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டு விடுவேன். பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் புரதம் இல்லை. கலங்கலாகி, எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ். தடித்த கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் இரண்டு. அதுவும் மறைந்தால் மூன்று. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக இறங்கினால் நான்கு. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸோ அதற்கு மேலோ இருந்தால்தான் மறுபடி வந்துவிட்டது என்று கணக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை டாக்டர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நோய் திரும்பினாலே பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்றில்லை. வீக்கம் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால் அனுப்பலாம், விளையாடலாம். வீட்டில் இருக்க வேண்டியது வீக்கம் கூடினால், காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால், இல்லை வகுப்பில் தொற்று ஏதாவது பரவினால். அதனால் ஒரு மாத விடுப்பு என்று கேட்காமல், அன்றன்றைக்குக் காலையில் சொல்லி எடுக்கிற விடுப்பைக் கேட்பதுதான் சரி என்று பட்டது.

மாத்திரை விவரத்தை எவ்வளவு எழுதுவது என்றும் யோசித்தேன். வீக்கம் இல்லாதபோது அவன் எடை இருபது கிலோ. நோய் திரும்பினால் கிலோவுக்கு 2 மி.கி. கணக்கில் தினமும் 40 மி.கி. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. மூன்று நாள் தொடர்ந்து புரதம் இல்லை என்று வந்தபிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் 30 மி.கி. வீதம் நான்கு வாரம். இதெல்லாம் டீச்சருக்கு வேண்டாம். காலையில் சாப்பிட்டதும் வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன். அவருக்குத் தேவை, பத்து மணிக்கு என் பிள்ளையைப் பார்த்தால் என்ன தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான். அந்தக் கணக்கில் எழுதியதைக் கீழே தருகிறேன், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு.

மதிப்பிற்குரிய வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகப் பிரச்சினை உள்ளது. இது மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாது. மருத்துவரின் குறிப்பையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

விடுப்பு: மருத்துவமனைக்குப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்று காலை ஏழு மணிக்குள் தங்களுக்குச் செய்தி அனுப்புகிறேன். அதையே விடுப்புக் கடிதமாக ஏற்றுக்கொண்டு, அவன் திரும்பி வரும் நாளில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பாடத்தை வீட்டில் எழுத வைக்கிறேன்.

சாப்பாடு: உப்பு குறைத்த மதிய உணவை வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், மிக்சர் அவனுக்கு வேண்டாம். பிறந்தநாளுக்கு யாராவது கொடுத்தால் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; வீட்டில் அதற்குப் பதில் வேறு கொடுக்கிறேன். மாத்திரையால் பசி அதிகமாக இருக்கும். இடைவேளைக்கு முன்பே பசி என்றால் பையில் இருக்கும் பழத்தைச் சாப்பிட அனுமதிக்கவும். தண்ணீருக்குத் தடை இல்லை. வீக்கம் உள்ள நாட்களில் மருத்துவர் அளவு சொன்னால் தெரிவிக்கிறேன். பாத்ரூம் கேட்டால் உடனே அனுப்பவும்.

கவனிக்க வேண்டியவை: காலையில் கண் இமை உப்பியிருந்தாலோ, காலுறை பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தாலோ மாலைக்குள் சொன்னால் போதும். காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் உடனே கூப்பிடவும். பள்ளியில் வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். பள்ளியில் தடுப்பூசி போடுவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லவும். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றே சொல்லவும்.

மாத்திரையால் அவன் முகம் உருண்டையாகத் தெரிகிறது, குறைக்கும்போது சரியாகிவிடும். மற்ற பிள்ளைகள் அதை வைத்துக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வகுப்பில் எல்லோரோடும் விளையாடலாம்.

இப்படிக்கு, அவன் தாய்.

இதை மூன்று நகல் எடுத்து மிஸ்ஸுக்கும் தலைமை ஆசிரியருக்கும் விளையாட்டு சாருக்கும் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் வருகைப் பதிவைப் பற்றித்தான் முதலில் கேட்டார். மருத்துவமனைச் சீட்டு இருந்ததால் காலையில் வரும் செய்தியை ஏற்கச் சம்மதித்தார். மிஸ் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி: “அப்போ சத்துணவு முட்டை சாப்பிடலாமாம்மா?” சாப்பிடலாம். புரதம் போகிறது என்பதற்காகப் புரதப் பவுடர் வாங்கிக் கொட்டவும் வேண்டாம், முட்டை, பருப்பு, பாலை நிறுத்தவும் வேண்டாம், வயதுக்கு உரிய அளவு போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிக்கல் முட்டையில் இல்லை, அதைப் புரட்டும் மசாலா உப்பில்தான். மிஸ் அமைப்பாளர் அக்காவிடம் பேசி, மசாலாவில் போடுவதற்கு முன்பே ஒரு முட்டையைத் தனியாக எடுத்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

வீட்டிலும் உப்பை முதலிலேயே பிரிப்பதுதான் சுலபமாக இருக்கிறது. மாவு அரைத்ததும் அவன் பங்கை உப்பில்லாமல் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துவிடுவேன். சாம்பாரில் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துவைப்பேன். எலுமிச்சை, மல்லித்தழை, சீரகம், மிளகு சேர்த்தால் உப்பு குறைவது அவ்வளவாகத் தெரிவதில்லை. வீக்கம் வற்றி, ஸ்டீராய்டும் குறைந்தபிறகு டாக்டர் சொன்னபடி வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தோம். அப்போதும் ஊறுகாயும் பாக்கெட் தீனியும் கிடையாது.

கடிதத்தில் ரொம்பவும் உதவியது அம்மை பற்றிய அந்த ஒரு வரிதான். நம் பக்கம் வீட்டில் அம்மை போட்டால் வெளியில் சொல்லாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி விடுவார்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அது நுரையீரல், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை இல்லை. அது உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த ஊசி என்பதால் ஸ்டீராய்டு அதிகமாக ஓடும்போது போடவும் முடியாது. என் மகனுக்குப் போட்டிருக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். அவன் பக்கத்தில் உட்காரும் பையன் வரவில்லை. மிஸ் அந்த வீட்டுக்கு போன் செய்து, “வேப்பிலை கட்டியிருக்கீங்களா?” என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று மதியமே என்னைக் கூப்பிட்டார். டாக்டரிடம் சொன்னதும், தொடர்பு ஏற்பட்டு நான்கு நாளுக்குள் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் ஊசி ஒன்று இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் அது கிடைக்கவில்லை. அதனால் தொடர்பு ஏற்பட்ட ஏழாம் நாளிலிருந்து ஏழு நாள் அசைக்ளோவிர் மாத்திரை கொடுக்கச் சொன்னார். ஸ்டீராய்டை நாங்களாக நிறுத்திவிடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பல வாரம் சாப்பிட்டபிறகு சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காது. மூன்று வாரம் தினமும் முதுகையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொப்புளம் வரவில்லை.

இந்த ஜூனில் மூன்றாம் வகுப்பு மிஸ்ஸுக்குக் கடிதத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இப்போது மாத்திரை நின்றிருக்கிறது. உருண்டை முகம், அதிகப் பசி பற்றிய வரிகளை எடுத்துவிட்டேன். டாக்டர் சொல்லி ஒரு வரியைச் சேர்த்தேன்: “கடந்த ஓராண்டுக்குள் ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளை. அடிபட்டாலோ கடுமையான காய்ச்சலோ வாந்தியோ வந்தாலோ, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் இதை முதலில் சொல்லவும்.” அப்படிப்பட்ட நேரத்தில் கூடுதலாக ஸ்டீராய்டு தேவைப்படலாம். நான் போய்ச் சேர்வதற்குள் அதைச் சொல்லப்போகிறவர் அவனோடு ஆட்டோவில் போகிற மிஸ்தான்.