பம்பரத்தின் இரண்டு பகரங்கள்

ஜூலை 8, திங்கள்

பி.எட். பயிற்சிக்கான தனியாள் ஆய்வுக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். தமிழிலும் கணக்கிலும் முன்னிற்பவள், ஆங்கிலச் சொல்வதெழுதுதலில் மட்டும் தொடர்ந்து சறுக்குகிறாள். "அவளுக்குக் கவனம் பத்தாதும்மா" என்றார் வகுப்பாசிரியை.

ஜூலை 10, புதன்

நேற்று 24 சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னேன், 11 தவறு. எதையும் திருத்திக் காட்டாமல், நேற்று எழுதியதையே இன்றும் எழுத வைத்தேன். கைதவறி வரும் பிழையையும், கற்பவர் மனத்திலுள்ள விதியிலிருந்து வரும் பிழையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மொழியியலாளர் பிட் கோர்டர் 1967-இல் எழுதியதை ஒட்டிச் செய்த சோதனை இது. இரண்டு பிழைகள் தாமாகவே மறைந்தன. மற்ற ஒன்பதும் எழுத்து மாறாமல் திரும்பி வந்தன. கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஜூலை 16, செவ்வாய்

அவளுடைய பாடநூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். (நானும் பள்ளியில் இப்படித்தான் படித்தேன்.) பை, முதுகு, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்று பொருள்களுக்குரிய மூன்று வெவ்வேறு சொற்களின் மேலும் 'பேக்' என்றே இருக்கிறது. ஆட்டுக்கும் மேலங்கிக்கும் 'கோட்'. வீட்டில் அவள் மனப்பாடம் செய்வது அச்சிட்ட சொல்லை அல்ல, இந்தப் பென்சில் வரியை.

ஜூலை 19, வெள்ளி

ஒன்பது பிழைகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது ஒழுங்கு புலப்பட்டது. 'பம்பரம்' என்று சொல்லிப் பார்த்தால், முதல் பகரத்தில் குரல்வளை அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கிறது. எழுத்து ஒன்றுதான், மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தமிழில் அதிர்வோடு ஒலிக்கும் என்பதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள், பொருளையே மாற்றுபவை. அவளுடைய பிழைகளில் ஏழு, மெல்லினத்தை அடுத்த இடத்தில் நிகழ்ந்தவை: 'சிம்பிள்', 'டெம்பிள்' இரண்டிலும் பம்பரத்தின் இரண்டாம் பகரத்துக்குரிய எழுத்தை இட்டிருக்கிறாள், 'அங்கிள்' என்பதில் சி வர வேண்டிய இடத்தில் ஜி. எட்டாவது 'ரப்பர்'. இது நேர்மாறான பிழை. ஆங்கிலத்தில் அங்கே அதிரும் ஒலி. தமிழில் இரட்டிக்கும் வல்லினம் அதிராது என்பதால் அவள் அதிராத எழுத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறாள். இரு திசையிலும் பிழைக்கக் காரணம் ஒன்றே. ஒன்பதாவது உயிரெழுத்துக் குழப்பம். அதை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

அறிக்கையின் வரைவை முடிக்கும் முன், 10-ஆம் தேதி கைப்பேசியில் பதிவு செய்திருந்த என் குரலைக் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அந்த ஏழு சொற்களில் ஐந்தை நானே அதிரும் ஒலியோடு சொல்லியிருக்கிறேன். என் 'அங்கிள்' தெளிவாக 'தங்கம்' என்பதன் ககரத்தோடு ஒலிக்கிறது. அவள் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறாள்; தவறென்று வட்டமிட்டவள் நான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கைப்பேசி அகராதியின் ஒலிப்பதிவைக் கொண்டு அதே ஏழு சொற்களை மீண்டும் எழுத வைத்தேன். பிழை மூன்றாகக் குறைந்தது. ஆயினும் அவளுக்குச் சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. கணுக்காலுக்கும் கோணத்துக்கும் உரிய இரண்டு 'ஆங்கிள்'களை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, படத்தைத் தொடச் சொன்னபோது 10-இல் 6 முறைதான் சரியாகத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் ஐந்து கிடைக்கும்.

சொல்லின் இறுதியில் வரும் ஒலிக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. ஆங்கிலத்தில் அதிரும் மெய்க்கு முன்னுள்ள உயிர் சற்று நீண்டு ஒலிக்கும். 'பை' என்ற பொருளில் வரும் 'பேக்' நீளம், 'முதுகு' குறுக்கம். மெய்யைக் கவனிக்காதே, உயிர் எவ்வளவு நீள்கிறது என்று மட்டும் பார் என்றேன். குறில் நெடில் பழகிய காது அல்லவா, 10-இல் 9 சரி. மெல்லினத்தை அடுத்த இடத்தில் இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அறிக்கைப் படிவத்தில் 'கற்பவரின் குறைபாடுகள்' என்ற கட்டத்திலிருந்து நான்கு பிழைகளை அடித்துவிட்டு, 'ஆய்வின் வரம்புகள்' என்ற கட்டத்தில் என் உச்சரிப்பைப் பற்றி எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, வகுப்பாசிரியை பாடம் நடத்துவதையும் பதிவு செய்து இணைக்கச் சொல்கிறார். வகுப்பாசிரியையிடம் அதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.