ஜம்ப் கட்டுக்காக ஸ்கிரிப்டை உடைத்து எழுதியது: பாதி வேலை முடிந்தது

மாடித்தோட்ட மண்கலவை வீடியோவில் முதல் பாதி எடிட் முடிந்துவிட்டது. ஒரே கோணத்தில் எடுத்த பேச்சில் குழறலை வெட்டி எறிந்து மீதியை நேராக ஒட்டுகிற ஜம்ப் கட்தான் முழுக்க. வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று இந்த முறை நானே தேட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. கேமரா பழையது, விளக்கு பழையது, காலர் மைக்கும் அதே மைக். மாறியது ஸ்கிரிப்ட் மட்டும்.

பழைய ஸ்கிரிப்டில் இருந்த வாக்கியம் இது: “கோகோபீட் கட்டியை ஊற வெச்சு, நல்லா உதிர்த்து, ரெண்டு தடவை அலசி, பிழிஞ்சு எடுத்து, அதோட செம்மண்ணும் மண்புழு உரமும் சரிபங்கா கலந்துக்கணும்.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கேமரா முன்னால் ‘அலசி’யில் நாக்கு குழறினால்தான் வினை. மறுபடி சொன்ன டேக்கை எங்கே ஒட்டுவது? ‘வெச்சு’, ‘உதிர்த்து’, ‘அலசி’ எல்லாமே குரல் மேலே தூக்கி நிற்கும் இடங்கள், குரல் கீழே இறங்குவது கடைசி வினைமுற்றில்தான். நடுவில் வெட்டினால் ஒரு டேக்கில் தூக்கிய குரலும் அடுத்த டேக்கில் எடுக்கும் குரலும் ஒரே உயரத்தில் சேராது, கேட்பவருக்கு ஏதோ ஒரு வார்த்தை விழுங்கப்பட்ட மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு ‘எடுத்து அதோட’ பேச்சில் ‘எடுத்ததோட’ ஆகிவிடும், உகரம் கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஒலியைக் கோடாகக் காட்டும் வேவ்ஃபார்மில் பள்ளமே இல்லை என்றால் எங்கே வெட்டுவது?

இப்போது அதே விஷயம் இப்படி இருக்கிறது:

“கோகோபீட் கட்டியை ராத்திரியே ஊற வைங்க.
காலையில நல்லா உதிர்த்து விடுங்க.
தண்ணி விட்டு ரெண்டு தடவை அலசணும், ஏன்னா கோகோபீட்ல உப்பு இருக்கும்.

பிழிஞ்ச கோகோபீட் ஒரு பங்கு.
செம்மண் ஒரு பங்கு.
மண்புழு உரம் ஒரு பங்கு.”

ஒரு வரி ஒரு மூச்சு. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் வாயை மூடி, தலையை நேராக வைத்து ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும். ‘அதோட’, ‘அதை’ எல்லாம் எடுத்துவிட்டுப் பொருளின் பெயரையே மறுபடி எழுதினேன். எழுத்தில் இது அசிங்கமாகத் தெரியும், ஆனால் எந்த வரியைத் தூக்கினாலும் அடுத்த வரி அந்தரத்தில் நிற்காது. எடிட்டில் ‘காலையில’ வரியைத் தூக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ‘ஏன்னா’வைத் தனி வரியாக விடாததும் இதனால்தான், முன்னால் இருப்பது போனால் அதுவும் சேர்ந்தே போகட்டும்.

அதிக நேரம் தின்றது வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். க, த, ப-வில் தொடங்கினால் ஒலி வெடிப்பதற்கு முன்னால் வாய் ஒரு கணம் அடைபடும், வேவ்ஃபார்மில் செங்குத்தாக ஒரு கோடு எழும்பும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். ‘இந்த’, ‘அடுத்து’, ‘உரம்’ என்று உயிரெழுத்தில் தொடங்கினால் மெதுவாக ஏறும், மூச்சுச் சத்தமும் கூடவே ஒட்டியிருக்கும். அதனால்தான் ‘கோகோபீட்’, ‘தண்ணி’, ‘பிழிஞ்ச’ எல்லாம் வரித் தொடக்கத்துக்கு வந்தன. ‘மண்புழு’வை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் ‘ம்’ வந்தால் வேறு தொல்லை. ‘அலசணும்’, ‘இருக்கும்’ சொன்ன பிறகும் மூக்கொலி இழுத்துக்கொண்டே இருக்கும், டைல்ஸ் போட்ட அறையில் இன்னும் மோசம். என் டைம்லைன் நொடிக்கு 25 பிரேம், அதாவது ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். ‘வைங்க’, ‘விடுங்க’ போன்றவற்றுக்குப் பின்னால் 2 பிரேம் விட்டால் போதும், ‘ம்’முக்கு 4, சில சமயம் 5 விடாவிட்டால் கழுத்தை நெரித்த மாதிரி நிற்கிறது. முடிந்த இடத்திலெல்லாம் ‘-ணும்’ஐ ‘-ங்க’வாக மாற்றிக்கொண்டு வருகிறேன்.

ஸ்கிரிப்டில் இருக்கும் காலி வரி ஜூம் மாற்றும் இடம். 4K-வில் எடுத்து 1080p டைம்லைனில் போடுவதால் இரண்டு மடங்கு வரை தெளிவு குறையாமல் பெரிதாக்கலாம், எனக்கு 120 சதவீதமே போதுமாக இருக்கிறது. 105 வைத்துப் பார்த்தால் யாரோ ஸ்டாண்டைத் தட்டிவிட்ட மாதிரி தெரிகிறது. பேச்சு திரும்பும் இடத்தில் மட்டும் ஜூம், பத்திக்குள்ளே வெறும் ஜம்ப் கட்.

நடுவில் ஒன்று, காலர் மைக்கின் நுரை உறை கிழிந்துவிட்டது. தனியாக உறை மட்டும் வேண்டும், ஆன்லைனில் பார்த்த இடத்தில் மைக்கோடு சேர்த்துத்தான் தருவார்களாம். அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது ஒரு கொத்தாக வாங்கிவிட வேண்டும். அப்படியே அறைக்குக் கனமான திரை போட்டால் ‘ம்’மின் வாலும் கொஞ்சம் அடங்கலாம்.

இரண்டாவது பாதி இன்னும் மசியவில்லை. “ஒரு லிட்டர் தண்ணிக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யா” என்பதை உடைக்கவே முடியவில்லை, ‘தண்ணிக்கு’வில் குரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. “பஞ்சகவ்யா முப்பது மில்லி. தண்ணி ஒரு லிட்டர்.” என்று மாற்றினால் மளிகைக் கடைச் சீட்டு வாசிப்பது போல இருக்கிறது. இப்போதைக்கு அளவு வரும் வரிகளை உடைக்காமல் ஒரே டேக்கில் சொல்லி, எண்ணைத் திரையில் எழுத்தாகப் போடலாம் என்று இருக்கிறேன். குழறினால் முழு வரியையும் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.