பார்மசி பட்டம் முடித்து திருகோணமலையில் வேலை தேடியபோது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடப் படிப்பை முடித்து, இலங்கை மருத்துவச் சபையில் மருந்தாளராகப் பதிவும் எடுத்து ஊருக்கு வந்த இரண்டாவது வாரமே ஒரு வேலை தேடிவந்தது. நகரில் பார்மசி வைத்திருப்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நீங்க ஒவ்வொரு நாளும் வரத் தேவையில்ல பிள்ளை. சேர்டிபிக்கட்டத் தாங்க, கிழமைக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்தாக் காணும். சம்பளம் மாசா மாசம் வரும்" என்றார்.

அம்மாவுக்கு அது நல்ல வேலையாகத்தான் பட்டது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. மருந்துக்கடைக்குரிய உரிமத்தைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கொடுக்கிறது. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பெயர் இல்லாமல் அது கிடைக்காது. கடையில் நான் இல்லாத நேரத்தில் யார் எதை எடுத்துக் கொடுத்தாலும், சுவரில் தொங்குவது என் பெயர். அதனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மற்ற வழிகளையும் ஒழுங்காக யோசிக்கத் தொடங்கினேன். சம்பளத்தை வைத்து மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு வேலையிலும் நான் எதற்குக் கையெழுத்து வைப்பேன், அதை வைக்கும் முன் எதையெல்லாம் என் கண்ணால் பார்க்க முடியும் என்று கேட்டுப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வேலையைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். கிளினிக் நாளில் காலை எட்டு மணிக்கே யன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டுவிடும். நீரிழிவு, பிரஷர் கொப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், ஒரு மாதத்துக்குரிய குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். ஒருவரோடு ஒரு நிமிடம் பேசக் கிடைத்தாலே பெரிய காரியம். ஆனால் ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்தால் வைத்தியர் அதே கட்டடத்தில் இருக்கிறார், நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மோர்பின் போன்ற மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு, ஒரு அம்பியூல் குறைந்தாலும் அன்றைக்கே தெரியும். ஓய்வூதியமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், அரசு விண்ணப்பம் கோரும்வரை காத்திருக்கவேண்டும், முதல் நியமனம் எந்த மாவட்டத்துக்கும் விழலாம். விண்ணப்பம் கோரினால் போடுவது என்று முடிவெடுத்தேன், ஆனால் அதுவரை வீட்டில் இருக்க விரும்பவில்லை.

தொழிற்சாலை என்றால் கொழும்புப் பக்கம் போகவேண்டும். இரத்மலானையில் இருக்கும் அரச மருந்தாக்கல் உற்பத்திக் கூட்டுத்தாபனம்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும், தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலையில் சில கிழமை நின்றபோது நான் செய்தது நிறுவைதான். இயந்திரம் ஓடும்போது குறித்த இடைவெளியில் இருபது குளிசை எடுத்துத் தனித்தனியாக நிறுக்கவேண்டும். சராசரி 600 மில்லிகிராம் என்றால், பிரித்தானிய மருந்துநூலின்படி ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 570க்கும் 630க்கும் இடையில் நிற்கவேண்டும். இருபதில் இரண்டு வெளியே போனால் பொறுக்கலாம், மூன்று போனால் பொறுக்கமுடியாது, பத்து சதவீதம் தாண்டி ஒன்றுகூடப் போகக்கூடாது. எல்லாம் அளந்து, எழுதி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு அது. ஆனால் அந்தக் குளிசையை விழுங்கப்போகிறவரை ஒருநாளும் காணமாட்டேன்.

ஒழுங்குபடுத்தல் துறையில் என்னோடு படித்த அக்கா ஒருவர் இருக்கிறார், மருந்து இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில். ஒரு மருந்தைப் பதிவுசெய்ய வரும் கோப்பு ஐந்து பகுதியாக இருக்கும், மூன்றாவது பகுதி மருந்தின் தரத்தைப் பற்றியது. தான் முதலில் திறப்பது, மருந்து எவ்வளவு காலம் கெடாமல் நிற்கும் என்று காட்டும் நிலைப்புத்தன்மை அட்டவணையைத்தான் என்றார். தலைப்பில் 25 பாகை, 60 சதவீத ஈரப்பதம் என்று மட்டும் இருந்தால், அது குளிர்நாட்டுக்குச் செய்த சோதனை. எங்கள் மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடத்துக்கு 30 பாகையில், 75 சதவீத ஈரத்தில் வைத்துப் பார்த்த கணக்கு வேண்டும். அது இல்லையென்றால் மிச்சத்தை வாசிக்காமலே உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதிவிடுவாராம். ஆங்கிலத்தில் பொறுமையாக வாசித்து, திருத்தி, கடிதம் எழுதிக்கொண்டே இருக்கக்கூடியவர்களுக்கு அது நல்ல இடம்.

ஆராய்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. இறுதி வருட ஆய்வுக்கு வீடுகளில் இன்சுலினை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பிறிட்ஜ் இல்லாத வீடுகளில் தண்ணீர் விட்ட மண்முட்டிக்குள் வைத்திருந்தார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருந்த காலம், வீடு வீடாகப் போன காலத்தைவிட நீண்டது. மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தால் திரும்பிப் போவேன்.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன பார்மசியில்தான். ஆனால் நிபந்தனையோடு: கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் நான் இருப்பேன், மருந்துத் துண்டில் சந்தேகம் வந்தால் வைத்தியருக்கு நான் நேரடியாகப் பேசுவேன், இன்சுலின் வைக்கும் பிறிட்ஜில் வெப்பமானி வேண்டும், இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று நாளுக்கு இரண்டு தரம் எழுதுவேன். முதலாளி யோசித்துவிட்டு, "சரி பிள்ளை, செய்வம்" என்றார்.

நான் சேர்ந்த முதல் கிழமை. கிண்ணியாவில் இருந்து ஒரு உம்மா மூட்டுவாதத்துக்குத் துண்டு கொண்டுவந்தார். மெதோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை, ஒரு மாதத்துக்கு. கடையில் இருந்தது 2.5 மில்லிகிராம் குளிசை, ஆக ஒரு வேளைக்கு மூன்று. நான் உள்ளே பிறிட்ஜின் அளவை எழுதிக்கொண்டிருந்தேன். உதவிக்கு நிற்கும் தம்பி பல வருட அனுபவக்காரன். அவன் மூன்று குளிசை, முப்பது நாள் என்று தொண்ணூறை எண்ணி உறையில் போட்டு, "காலை" என்ற கட்டத்தில் 3 என்று எழுதிவிட்டான். உறையில் அச்சடித்திருப்பது காலை, மதியம், இரவு மட்டும்தான். கிழமைக்கு ஒன்று என்று எழுத அதில் இடமே இல்லை. கையும் பழக்கத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும்.

நான் வெளியே வந்து பார்த்தபோது உறை மேசையில் இருந்தது. அதன் பருமனைக் கண்டதுமே நெஞ்சு அடித்தது. சரியான எண்ணிக்கை பன்னிரண்டு. தினமும் மூன்று விழுங்கினால் சில நாட்களிலேயே வாய் புண்ணாகும், பிறகு எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்து, காய்ச்சலும் கிருமித் தொற்றும் வரும். உயிர் போகவும் கூடும்.

துண்டில் கிழமைக்கு என்பதை ஒரு சின்னச் சுருக்கெழுத்தில்தான் எழுதியிருந்தார்கள். வைத்தியருக்கு அழைத்து உறுதிசெய்தேன். இரத்தப் பரிசோதனை எப்போது செய்யவேண்டும் என்பதையும் கேட்டேன். பிறகு உம்மாவை உட்காரவைத்து, கிழமையில் எந்த நாள் உங்களுக்கு மறக்காது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை, மகள்" என்றார்.

கட்டங்களைக் குறுக்கே அடித்துவிட்டு, "வெள்ளி மட்டும், 3 குளிசை" என்று பெரிதாக எழுதினேன். அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் போலிக் அசிட்டை வேறு உறையில் போட்டு "திங்கள் மட்டும்" என்று எழுதினேன். பன்னிரண்டு குளிசைக்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. எழுதியதை மறந்தாலும், கையில் இருப்பது சிறிய அளவாக இருக்கும். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத கண்டல் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே வாருங்கள் என்றும் சொன்னேன். தம்பியைத் திட்டவில்லை. அன்று பின்னேரமே இருவரும் இருந்து, கட்டம் இல்லாத வெற்று உறைகளை இந்த மருந்துக்கென்று தனியாக எடுத்து வைத்தோம்.

ஒரு மாதம் கழித்து உம்மா வந்தார். பையில் இருந்து உறையை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார், உள்ளே ஒன்றும் இல்லை. "நாலு வெள்ளி முடிஞ்சுது மகள்."